பத்து ஆண்டு வாரண்டி: விளம்பரமாகும் வாக்குறுதி

வீட்டு உபயோகப் பொருள் கடையில் ஃப்ரிட்ஜ் வரிசைக்கு முன்னால் நின்றால், ஒவ்வொரு கதவிலும் இரண்டு ஸ்டிக்கர்கள் கண்ணில் படும். ஒன்று நட்சத்திரங்கள் போட்டது. ஆண்டுக்கு எத்தனை யூனிட் மின்சாரம் ஆகும் என்று சொல்லும் அந்த ஸ்டிக்கர் அரசு விதிப்படி ஒட்டப்படுவது. இன்னொன்றை நிறுவனம் தானே விரும்பி ஒட்டுகிறது. பளிச்சென்ற வட்டத்துக்குள் பெரிய எழுத்தில் "10 ஆண்டு வாரண்டி" என்று இருக்கும். அதன் அடியில், குனிந்து பார்த்தால் மட்டும் தெரியும் அளவில், "கம்ப்ரசருக்கு" என்ற சொல்லும் ஒரு நட்சத்திரக் குறியும் இருக்கும்.

வாடிக்கையாளர் தயங்கும்போது விற்பனையாளர் கை நீட்டுவது இந்த இரண்டாவது ஸ்டிக்கரைத்தான். "பத்து வருஷம் வாரண்டி இருக்கும்மா, தைரியமா எடுத்துக்கலாம்." இருபத்தைந்தாயிரம், முப்பதாயிரம் ரூபாய் கையை விட்டுப் போகிற நேரத்தில் வருகிற பயத்தை அந்த ஒரு வரி தணிக்கிறது. வாரண்டி என்பது சட்டப் பிரிவு வக்கீல்கள் எழுதி, பெட்டிக்குள் மடித்து வைக்கிற காகிதம் என்று நினைக்கிறோம். உண்மையில் கடையில் அதிகம் வேலை செய்கிற விளம்பர வாசகமே அதுதான். "பத்து நாளில் மாற்றிக்கொள்ளலாம்", "பிடிக்காவிட்டால் பணம் வாபஸ்" என்பவையும் அப்படித்தான்.

விளம்பரத்தின் மற்ற வாசகங்களுக்கும் இதற்கும் ஒரு முக்கியமான வேறுபாடு உண்டு. "உலகத் தரம்" என்று எழுத எவருக்கும் செலவில்லை. "பத்து ஆண்டுக்குள் பழுதானால் நாங்கள் பார்த்துக்கொள்கிறோம்" என்று எழுதினால், பொருள் மோசமாக இருக்கும் பட்சத்தில் எழுதியவர் பணத்தை இழப்பார். நம்பிக்கை பிறப்பது அந்த இழப்பிலிருந்துதான். இதை உலகம் கண்கூடாகப் பார்த்த கதை ஒன்று இருக்கிறது. நம்மூர்க்காரர்களுக்கு நன்கு தெரிந்த நிறுவனத்தின் கதை.

கிண்டலுக்கு ஆளான கார்

தென் கொரியாவின் ஹூண்டாய் 1986-இல் அமெரிக்காவுக்குள் நுழைந்தது. கொண்டுபோன கார் எக்ஸெல். விலை 4,995 டாலர். புதுக் கார் வாங்க முடியாதவர்கள்கூட வாங்கும் விலை. முதல் ஆண்டிலேயே 1,68,000-க்கும் மேல் விற்றது. ஆனால் வாங்கியவர்களில் பலர் சில ஆண்டுகளிலேயே மெக்கானிக் கடை வாசலில் நின்றார்கள். "மலிவு, சீக்கிரம் கெட்டுப்போகும்" என்று பெயர் பரவியது. அந்நாட்டு இரவு நேரத் தொலைக்காட்சி நிகழ்ச்சிகளில் ஹூண்டாய் என்ற பெயரைச் சொன்னாலே சிரிப்பு வரும் நிலை உண்டானது. 1998-இல் விற்பனை ஏறக்குறைய 90,000-க்கு இறங்கியிருந்தது.

அதே 1998-இல்தான் சென்னைக்கு அருகே இருங்காட்டுக்கோட்டை ஆலையிலிருந்து சான்ட்ரோ வெளிவந்தது. இங்கே பெயர் புதியது. அதன் மேல் கறை எதுவும் இல்லை. அமெரிக்காவில் நிலைமை வேறு. அங்கே கார்களின் தரம் முன்பைவிடக் கூடியிருந்தாலும் அதைச் சொன்னால் நம்ப ஆளில்லை. தரம் உயர்ந்துவிட்டது என்று கெட்ட பெயர் எடுத்தவரே சொன்னால் யார் காது கொடுப்பார்கள்?

அந்த ஆண்டின் இறுதியில், 1999-ஆம் ஆண்டு மாடல்களுக்கு, அமெரிக்க ஹூண்டாய் ஓர் அறிவிப்பை வெளியிட்டது. எஞ்சின், கியர் பெட்டி உள்ளிட்ட இயக்கப் பாகங்களுக்கு 10 ஆண்டு அல்லது ஒரு லட்சம் மைல் வாரண்டி. நம் கணக்கில் ஏறக்குறைய 1,60,000 கிலோமீட்டர். காரின் பெரும்பாலான மற்ற பாகங்களுக்கு 5 ஆண்டு அல்லது 60,000 மைல். வழியில் வண்டி நின்றுவிட்டால் வந்து உதவும் சேவையும் 5 ஆண்டு. அப்போது பல கார் நிறுவனங்கள் முழுக் காருக்குக் கொடுத்துவந்தது 3 ஆண்டு அல்லது 36,000 மைல். "அமெரிக்காவின் மிகச் சிறந்த வாரண்டி" என்று பெயர் சூட்டி, காரின் அழகையும் வேகத்தையும் ஓரம் தள்ளிவிட்டு, வாரண்டியையே விளம்பரத்தின் தலைப்பாக்கினார்கள்.

1999-இல் விற்பனை 1,64,000 அளவுக்கு ஏறியது. அதற்கடுத்த ஆண்டு 2,44,000. இவ்வளவும் ஒரு வரியால் நடந்தது என்று சொன்னால் அது மிகை. அந்த ஆண்டுகளில் அமெரிக்கப் பொருளாதாரம் நன்றாக இருந்தது. புதிய மாடல்களும் வந்தன. ஆனால் தயங்கி நின்றவர்களை ஷோரூமுக்குள் இழுத்துவந்ததில் வாரண்டிக்குப் பெரும்பங்கு உண்டு என்பதில் வாகனத் துறையில் கருத்து வேறுபாடு இல்லை.

அந்த வரி ஏன் எடுபட்டது?

வாசகத்தைப் பிரித்துப் பார்த்தால் காரணம் தெரியும். முதலாவது, அது வாடிக்கையாளரின் மனத்தில் ஏற்கெனவே இருந்த குறிப்பிட்ட பயத்துக்குப் பதில் சொன்னது. ஹூண்டாய் வாங்க யோசித்தவருக்குக் காரின் நிறத்தைப் பற்றியோ இருக்கையைப் பற்றியோ கவலை இல்லை. மூன்றாண்டு முடிந்ததும் எஞ்சின் படுத்துவிட்டால் கடன் தவணை கட்டிக்கொண்டே ரிப்பேர் செலவும் செய்ய வேண்டுமே என்பதுதான் கவலை. வாரண்டி நேராக எஞ்சினைத் தொட்டது. கடன் தவணை முடிந்த பிறகும் தொடர்ந்தது.

இரண்டாவது, அதில் எண்கள் இருந்தன. பத்து, ஒரு லட்சம். "நீண்ட கால உத்தரவாதம்" என்று எழுதியிருந்தால் அதைப் பக்கத்துக் கடையோடு ஒப்பிட முடியாது. மூன்றையும் பத்தையும் எவரும் ஒப்பிடலாம்.

மூன்றாவது, எல்லைகள் வெளியே தெரிந்தன. பத்தாண்டு வாரண்டி இயக்கப் பாகங்களுக்கு மட்டும். அதுவும் முதல் உரிமையாளருக்கு மட்டும். காரை விற்றால், வாங்குகிற அடுத்தவருக்கு அந்தப் பாகங்களிலும் 5 ஆண்டு, 60,000 மைல் வரையில்தான். அமெரிக்காவில் பலர் பத்தாண்டுக்குள் காரை மாற்றிவிடுவார்கள். ஆகவே நிறுவனத்தின் உண்மையான செலவு, தலைப்பைப் பார்த்தால் தோன்றுவதைவிடக் குறைவு. இது ஏமாற்று ஆகாது. யாருக்கு எவ்வளவு என்று கணக்குப் போட்டு, தாங்கக்கூடிய அளவில் வாக்குக் கொடுப்பது நல்ல வாரண்டி எழுத்தின் அடிப்படை. தாங்க முடியாத வாக்கைக் கொடுப்பவர் பிறகு காரணம் தேடுவார்.

நான்காவது காரணம் வாசகத்துக்கு வெளியே இருக்கிறது. ஒவ்வொரு கார் விற்கும்போதும் எதிர்கால வாரண்டிச் செலவுக்கென்று ஒரு தொகையை நிறுவனம் தன் கணக்கில் ஒதுக்கிவைக்க வேண்டும். வாரண்டியை மூன்றிலிருந்து பத்தாக உயர்த்தினால் அந்த ஒதுக்கீடும் உயரும். அதைக் குறைக்க ஒரே வழி, பழுதாகாத எஞ்சின் செய்வது. அக்காலத்தில் தலைமைப் பொறுப்புக்கு வந்த சுங் மோங் கூ, தரக் கட்டுப்பாட்டை நிறுவனத்தின் முதல் வேலையாக்கினார். விளம்பரத்தில் எழுதிய எண்ணை ஆலை நிறைவேற்றியாக வேண்டும் என்ற நெருக்கடி உள்ளேயே உண்டானது.

பொருளாதார அறிஞர் ஜார்ஜ் அகர்லாஃப் இதன் அடிப்படையை 1970-லேயே எழுதியிருந்தார். பழைய கார் சந்தையில் விற்பவருக்குக் காரின் குறை தெரியும், வாங்குபவருக்குத் தெரியாது. எனவே வாங்குபவர் எல்லாக் காரையும் சந்தேகித்து விலையைக் குறைத்துக் கேட்பார். நல்ல கார் வைத்திருப்பவர் அந்த விலைக்குக் கொடுக்க மனமில்லாமல் சந்தையை விட்டே விலகுவார். இந்தச் சிக்கலைத் தளர்த்தும் வழிகளில் ஒன்றாக அவர் உத்தரவாதத்தைக் குறிப்பிட்டார். தன் பொருள் நல்லது என்று உறுதியாகத் தெரிந்தவர் துணிந்து கொடுப்பார், மற்றவர் தயங்குவார். பொருளின் தரத்தைப் பார்க்க முடியாத வாடிக்கையாளர் இந்தத் துணிச்சலைப் பார்க்கலாம். இந்த ஆய்வுத் துறைக்காக 2001-இல் அவருக்கும் மைக்கேல் ஸ்பென்ஸ், ஜோசப் ஸ்டிக்லிட்ஸ் இருவருக்கும் நோபல் பரிசு கிடைத்தது.

வேலை போனால் திருப்பிக் கொடுங்கள்

வாரண்டியைப் போலவே பொருளைத் திரும்பப் பெறும் கொள்கையும் விளம்பரமாகும். பத்தாண்டு கழித்து அதே நிறுவனம் அதையும் செய்துகாட்டியது.

2008-இன் இறுதியில் அமெரிக்காவில் வங்கிகள் சரிந்தன. லட்சக்கணக்கானோர் வேலை இழந்தார்கள். கார் விற்பனை படுத்தது. மற்ற நிறுவனங்கள் தள்ளுபடியைக் கூட்டின. ஆனால் மக்கள் வாங்காமல் இருந்ததற்குக் காரணம் விலை மட்டும் அல்ல. இன்று கடன் வாங்கிக் கார் எடுத்துவிட்டு அடுத்த மாதம் வேலை போய்விட்டால் தவணையை எப்படிக் கட்டுவது என்ற பயம். இந்தப் பயத்தைத் தள்ளுபடியால் தொட முடியாது.

2009 ஜனவரியில் ஹூண்டாய் சொன்னது இதுதான்: எங்களிடம் கடனிலோ குத்தகையிலோ கார் எடுங்கள். ஓர் ஆண்டுக்குள் உங்கள் விருப்பமின்றி வேலை போனால் காரைத் திருப்பிக் கொடுத்துவிடலாம். காரின் அன்றைய மதிப்புக்கும் பாக்கிக் கடனுக்கும் இடையிலுள்ள வித்தியாசத்தில் 7,500 டாலர் வரை நாங்கள் ஏற்போம். அந்த மாதம் அமெரிக்காவின் மொத்தக் கார் விற்பனை முந்தைய ஆண்டின் ஜனவரியைவிட 37 சதவீதம் சரிந்தது. ஹூண்டாயின் விற்பனை 14 சதவீதம் உயர்ந்தது. திட்டம் நடந்த காலம் முழுவதும் திரும்பி வந்தவை சில நூறு கார்கள்தான்.

வாக்குறுதியின் பயனை லட்சக்கணக்கானோர் மன நிம்மதியாகப் பெற்றார்கள். காரைக் கொண்டுவந்து நிறுத்தியவர்கள் மிகச் சிலர். திரும்பப் பெறும் கொள்கையை எழுதுகிறவர்கள் முதலில் புரிந்துகொள்ள வேண்டியது இது. அந்த வரியைப் படிப்பவர்களில் பெரும்பாலோர் பொருளைத் திருப்பிக் கொண்டுவர மாட்டார்கள். வாங்குவதற்கு முன் ஒருமுறை படித்து மனம் தெளிவார்கள், அவ்வளவுதான். எனவே அவர்களை மிரட்டும் தொனியில் எழுதுவது, ஏமாற்ற வரும் ஒரு சிலரைத் தடுக்கப்போய் நேர்மையான பலரை வாசலிலேயே திருப்பி அனுப்புவதாகும்.

அதற்காக எல்லையே இல்லாமல் வாக்குக் கொடுக்கவும் கூடாது. அமெரிக்காவின் மெய்ன் மாநிலத்தில் எல்.எல்.பீன் என்ற நிறுவனம் 1912-இல் வேட்டைக்காரர்களுக்கான பூட்ஸ் செய்து விற்றது. முதலில் விற்ற 100 ஜோடிகளில் 90 ஜோடி, தோலும் ரப்பரும் சேரும் தையல் விட்டுப்போய்த் திரும்பி வந்தன. நிறுவனர் லியான் பீன் எல்லாருக்கும் பணத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, பூட்ஸைச் சீர்செய்து மறுபடி விற்றார். திருப்தி இல்லாவிட்டால் எப்போது வேண்டுமானாலும் திருப்பித் தரலாம் என்ற கொள்கை அந்த நிறுவனத்தின் அடையாளமாகவே நூறாண்டு நின்றது. பிற்காலத்தில் சிலர் பத்து, இருபது ஆண்டு அணிந்து கிழிந்ததையும், பழைய பொருள் விற்பனையில் வாங்கியதையும் கொண்டுவந்து புதிது கேட்டார்கள். ஐந்தாண்டுகளில் 25 கோடி டாலர் இழப்பு என்று சொல்லி, 2018 பிப்ரவரியில் நிறுவனம் ஓராண்டுக் கெடுவும் பில்லும் கட்டாயம் என்று மாற்றியது. ஒரு நூற்றாண்டு சேர்த்த நல்ல பெயரில் ஒரு பகுதி அந்த அறிவிப்பு வந்த நாளில் கரைந்தது. ஹூண்டாய் தன் எல்லையை முதல் நாளே எழுதியது. பீன் நூறாண்டு கழித்து எழுதியது.

ஆறாம் ஆண்டில் நின்ற ஃப்ரிட்ஜ்

இப்போது நம் கடைக்கு வருவோம். "10 ஆண்டு வாரண்டி" ஸ்டிக்கர் ஒட்டிய ஃப்ரிட்ஜ் ஆறாம் ஆண்டில் குளிர்விப்பதை நிறுத்திவிட்டது என்று வைத்துக்கொள்வோம். டெக்னீஷியன் வந்து பார்த்து, கம்ப்ரசர் போய்விட்டது என்கிறார். வாரண்டி இருக்கிறதே என்று வீட்டார் நிம்மதியாக இருப்பார்கள். மறுநாள் எஸ்டிமேட் வரும்.

கம்ப்ரசரின் விலை 5,500 ரூபாய் என்றால் அது வாரண்டியில் வந்துவிடும்; கட்ட வேண்டாம். ஆனால் கம்ப்ரசர் என்பது கழற்றி மாட்டுகிற பல்பு அல்ல. அதோடு சேர்ந்த குழாய்களுக்குள் கேஸ் அடைபட்டிருக்கிறது. குழாயை வெட்டினால்தான் பழையதை எடுக்க முடியும். வெட்டினால் கேஸ் போய்விடும். புதியதை வைத்துக் குழாயைப் பற்றவைத்து, ஈரத்தை உறிஞ்சும் வடிகட்டியை மாற்றி, பம்ப் வைத்து உள்ளிருக்கும் காற்றை முழுக்க இழுத்துவிட்டு, மறுபடி கேஸ் நிரப்ப வேண்டும். இந்த வேலைக்கும் கேஸுக்கும் சேர்த்து 2,800 ரூபாய், கூலியும் வந்துபோகும் கட்டணமும் 900 ரூபாய், சர்வீஸ் சென்டருக்குக் கொண்டுபோய்க் கொண்டுவர 500 ரூபாய் என்று வைத்தால் 4,200. அதன்மேல் 18 சதவீத ஜி.எஸ்.டி. சேர்த்தால் 4,956. இந்தத் தொகைகள் கணக்கு ஓடும் விதத்தைக் காட்டுவதற்காக எடுத்துக்கொண்டவை. ஊருக்கு ஊர், நிறுவனத்துக்கு நிறுவனம் மாறும். கேஸையும் கூலியையும் தாங்களே ஏற்கும் நிறுவனங்களும் உண்டு. ஆனால் பல வாரண்டி கார்டுகளில் இருக்கும் விதி இதுதான்: முதல் ஓராண்டு முழுப் பொருளுக்கும் வாரண்டி, அதன்பின் கம்ப்ரசர் என்ற பாகத்துக்கு மட்டும், மற்றச் செலவுகள் வாடிக்கையாளருடையவை.

இதில் இன்னொரு சிக்கலும் உண்டு. இன்வர்ட்டர் வகை ஃப்ரிட்ஜில் கம்ப்ரசரை இயக்குவது ஒரு மின்னணு போர்டு. போர்டு கெட்டால் கம்ப்ரசர் நன்றாக இருந்தும் ஓடாது. போர்டுக்கு வாரண்டி ஓராண்டு மட்டும் என்றால் அதன் முழு விலையும் நம் தலையில். கேஸ் கசிவு, விசிறி, பனி உருக்கும் ஹீட்டர், சென்சார் ஆகியவற்றுக்கும் இதே நிலைதான். உறுதியான இரும்புக் கூட்டுக்குள் அடைத்து, நீண்ட காலம் ஓடுவதற்கென்றே செய்யப்படுவது கம்ப்ரசர். அதைச் சுற்றியுள்ள சின்னப் பாகங்கள்தான் பெரும்பாலும் முந்திக்கொள்கின்றன. ஆகவே டெக்னீஷியன் வந்தால், எந்தப் பாகம் பழுது என்பதை ஜாப் ஷீட்டில் எழுதித் தரச் சொல்லுங்கள். வாய்வார்த்தையாகச் சொன்ன "கம்ப்ரசர் பிரச்னை", பில்லில் "போர்டு" என்று வந்தால் கேள்வி கேட்க அந்தத் தாள் வேண்டும்.

நிறுவனம் பொய் சொல்லவில்லை. கார்டில் எல்லாம் எழுதியிருக்கிறது. ஆனால் வாடிக்கையாளர் மனத்தில் பதிந்தது கார்டு அல்ல, ஸ்டிக்கர். ஐயாயிரம் ரூபாய் கட்டிய குடும்பம் அடுத்த ஃப்ரிட்ஜை அந்த நிறுவனத்தில் வாங்காது. உறவினர் கேட்டாலும் வேண்டாம் என்றுதான் சொல்லும். பத்தாண்டு வாரண்டிக்கான பாகச் செலவையும் செய்துவிட்டு, கெட்ட பெயரையும் சேர்த்து வாங்கிக்கொள்கிறது நிறுவனம்.

அந்த ஸ்டிக்கரை மாற்றி எழுதிப் பார்க்கலாம்:

"கம்ப்ரசருக்கு 10 ஆண்டு. மற்ற எல்லாப் பாகங்களுக்கும் 1 ஆண்டு. முதல் ஆண்டு உங்களுக்கு எந்தச் செலவும் இல்லை. அதன்பின் கம்ப்ரசர் இலவசம். கேஸும் கூலியும் மட்டும் நீங்கள் தர வேண்டும். அந்தக் கட்டணப் பட்டியல் இந்தக் கடையிலேயே இருக்கிறது."

ஆறு வாக்கியங்கள். ஒரு கதவில் தாராளமாக ஒட்டலாம். இதைப் படிப்பவர் பயந்து ஓடமாட்டார். "செலவு எது என்பதையும் முன்கூட்டியே சொல்கிறார்களே" என்று நம்புவார். விற்பனையாளருக்கும் சொல்வதற்கு ஒரு தெளிவான பதில் கிடைக்கும். ஆறாம் ஆண்டில் எஸ்டிமேட் வரும்போது அது அதிர்ச்சியாக இருக்காது. கேஸையும் கூலியையும் ஏற்கத் தயாரான நிறுவனமோ அதை அடுத்த வரியில் எழுதி, பக்கத்துக் கதவை எளிதாக வென்றுவிடலாம். இன்று எல்லாக் கதவிலும் "10" இருப்பதால் எண்ணால் மட்டும் எவரும் வெல்ல முடியாது. வெல்ல வேண்டுமானால் தெளிவால் வெல்லலாம்.

சட்டமும் இந்தத் திசையில்தான் நிற்கிறது. தவறான விளம்பரங்களைத் தடுக்க மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2022-இல் வெளியிட்ட நெறிமுறைகள், நட்சத்திரக் குறியின் அடியில் வரும் விளக்கத்தைப் பற்றித் தனியாகவே பேசுகின்றன. விளம்பரத்தில் வாக்கு எந்த மொழியில் இருக்கிறதோ அதே மொழியில் விளக்கமும் இருக்க வேண்டும். எழுத்துருவும் அதேயாக இருக்க வேண்டும். கண்ணில் படும் இடத்தில் இருக்க வேண்டும். மேலே சொன்னதை அது மறுக்கக் கூடாது. முக்கியமான தகவலை மறைக்கக் கூடாது. தமிழில் "10 ஆண்டு" என்று பெரிதாக எழுதிவிட்டு, அடியில் பொடி ஆங்கிலத்தில் நிபந்தனை போடும் விளம்பரத்தைப் பார்த்தால் இந்த விதியை நினைவில் கொள்ளுங்கள். 2019-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டமும், போதிய சோதனை செய்து பார்க்காமல் ஆயுள் உத்தரவாதம் கொடுப்பதையும், நிறைவேற்றும் வாய்ப்பே இல்லாத வாரண்டி கொடுப்பதையும் முறையற்ற வணிகம் என்கிறது.

பில்லின் அடியில் உள்ள வரி

பெரிய நிறுவனங்களுக்கு மட்டும் உரிய விஷயம் அல்ல இது. நம்மூரில் பல கடைகளின் பில் அடியில் "விற்ற பொருள் திரும்பப் பெறப்பட மாட்டாது" என்று அச்சிட்டிருக்கும். காலங்காலமாக அச்சகத்தில் இருக்கும் வாசகம் என்பதால் கடைக்காரர்கள் யோசிக்காமலேயே போட்டுவிடுகிறார்கள். இதே கடைக்காரர், வழக்கமாக வரும் வாடிக்கையாளர் கொண்டுவந்தால் மறுபேச்சின்றி மாற்றித் தருவார். அவருடைய உண்மையான நடத்தை நல்லதாக இருக்க, அவருடைய பில் அவரைக் கண்டிப்பானவராகக் காட்டுகிறது.

குறைபாடுள்ள பொருளைப் பொறுத்தவரை அந்த வரி சட்டப்படியும் நிற்காது. குறையுள்ள பொருளைத் திரும்பப் பெற்றுப் பணம் தர மறுப்பது முறையற்ற வணிகம் என்கிறது 2019-ஆம் ஆண்டின் சட்டம். பில்லில் கெடு எழுதியிருந்தால் அந்தக் கெடுவுக்குள். எழுதவில்லை என்றால் 30 நாளுக்குள். ஒன்றை மட்டும் பிரித்துப் புரிந்துகொள்ள வேண்டும். இது குறையுள்ள பொருளுக்கு. நிறம் பிடிக்கவில்லை, மகளுக்கு வேறு டிசைன் வேண்டுமாம் என்பதற்கெல்லாம் சட்டம் கடைக்காரரைக் கட்டாயப்படுத்தவில்லை. அந்த இடத்தில் கடை தானாக முன்வந்து கொடுக்கும் வாக்குதான் விளம்பரமாகிறது.

ஒரு ஜவுளிக்கடை அதை எப்படி எழுதலாம்? நான்கு கேள்விகளுக்குப் பதில் இருந்தால் போதும். எத்தனை நாள், எந்த நாளிலிருந்து? பொருள் எந்த நிலையில் இருக்க வேண்டும்? திரும்பக் கிடைப்பது பணமா, மாற்றுப் பொருளா? எதை மாற்ற முடியாது? இப்படி:

"பில் தேதியிலிருந்து 15 நாளுக்குள் புடவையை மாற்றிக்கொள்ளலாம். பில்லும் விலைச் சீட்டும் வேண்டும். ஃபால்ஸ் தைத்த புடவையையும் ரவிக்கைத் துணி வெட்டிய புடவையையும் மாற்ற இயலாது. நெசவுக் குறை இருந்தால் எந்தக் கேள்வியும் இல்லை. முழுப் பணமும் திருப்பித் தரப்படும்."

இதில் "ஃபால்ஸ்", "ரவிக்கைத் துணி" என்ற இரண்டு சொற்களும் கவுன்ட்டரில் நடக்கும் வாக்குவாதங்களில் பெரும்பகுதியை முன்கூட்டியே தீர்த்துவிடும். "பயன்படுத்திய பொருள் ஏற்கப்படாது" என்று எழுதியிருந்தால், உடுத்திப் பார்த்தது பயன்படுத்தியதா என்று சண்டை வரும். கடையில் உண்மையில் என்ன நடக்கிறதோ அதன் பெயரைச் சொல்லி எழுதுவதுதான் நல்ல கொள்கை. ஊர்த் திருவிழாவுக்காகவும் கல்யாணத்துக்காகவும் பிறருக்குப் புடவை எடுப்பவர்கள்தான் இப்படிப்பட்ட கடையைத் தேடி வருவார்கள். வாங்கும்போது அவர்கள் தங்கள் விருப்பத்தை மட்டும் அல்ல, இன்னொருவருடைய விருப்பத்தையும் ஊகிக்க வேண்டியிருக்கிறது. அந்த ஊகம் தவறினாலும் பணம் வீணாகாது என்று பில் சொன்னால் அவர்கள் ஒன்றுக்கு இரண்டாக எடுப்பார்கள்.

இணையத்தில் விற்பவர்கள் திரும்பப் பெறுதல், பணம் திருப்பித் தருதல், மாற்றித் தருதல், வாரண்டி ஆகிய விவரங்களைத் தெளிவாகக் காட்ட வேண்டும் என்று 2020-ஆம் ஆண்டின் மின்வணிக விதிகளே சொல்கின்றன. அங்கே ஐந்தாவதாக ஒரு கேள்வி சேரும்: திருப்பி அனுப்பும் கூரியர் செலவு யாருடையது? "எளிதாகத் திருப்பி அனுப்பலாம்" என்று எழுதும் பலர் இதை எழுதுவதில்லை. முந்நூறு ரூபாய்ப் பொருளுக்கு நூறு ரூபாய் கூரியர் என்றால் அது எளிது ஆகாது.

வாரண்டி எழுதும் நிறுவனத்தாரும் கொள்கை எழுதும் கடைக்காரரும் ஒரு சோதனையை வைத்துக்கொள்ளலாம். வாசகத்தை எழுதி முடித்ததும் அதை விளம்பரப் பிரிவுக்கு மட்டும் காட்டாமல், புகார் வாங்கும் கவுன்ட்டரில் இருப்பவரிடமும் காட்டுங்கள். பொருள் பழுதாகிக் கோபத்தோடு வருகிறவர் முன்னால் இதே வரியைத் தலைநிமிர்ந்து படித்துக் காட்ட அவரால் முடியுமானால் அது நல்ல விளம்பரம். முடியாது என்று அவர் தலையசைத்தால் மாற்றி எழுதுங்கள்.

வாங்குபவர்கள் செய்ய வேண்டியதும் எளிது. பணம் கட்டுவதற்கு முன் வாரண்டி கார்டை எடுத்துக் காட்டச் சொல்லுங்கள். எந்தப் பாகத்துக்கு எத்தனை ஆண்டு, கூலி யாருடையது என்று கேளுங்கள். விற்பனையாளர் வாயால் கூடுதலாகச் சொல்லும் எதையும் பில்லிலேயே எழுதிக் கடை முத்திரை போட்டுத் தரச் சொல்லுங்கள். வாக்கு மீறப்பட்டால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் செய்யலாம். அங்கே தீராவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போகலாம். ஐந்து லட்ச ரூபாய் வரை விலையுள்ள பொருளுக்கு மனுக் கட்டணம் கிடையாது. ஸ்டிக்கரைப் படம் எடுத்து வைத்திருந்தால் அதுவும் சாட்சியாகும். கதவில் ஒட்டியிருப்பதும் அவர்கள் கொடுத்த வாக்குதான். அதைக் காப்பாற்றச் சொல்லிக் கேட்பது உங்கள் உரிமை.